கும்பக்கரை அருவியை போனில் பட்டுநூல் போல எடுப்பது எப்படி: ட்ரைபாட் இல்லாதவர்களுக்கான வழிகாட்டி

அருவித் தண்ணீர் வெள்ளைப் பட்டுநூலாக இறங்கும் படங்களைப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். Pro மோடைத் திறந்து ஷட்டரை அரை வினாடிக்கு வைத்தால் படம் முழுக்க வெள்ளையாகிவிடுகிறது. ஆட்டோவில் விட்டால் தண்ணீர் துளித்துளியாக உறைந்து நிற்கிறது. போனிலோ உங்கள் கையிலோ குறை இல்லை, வெளிச்சம்தான் அதிகம். கும்பக்கரை போன்ற வனத்துறை இடங்களில் அந்தி மயங்கும்வரை நம்மை இருக்கவிடுவதும் இல்லை. ஆகவே பகல் வெளிச்சத்தில், ட்ரைபாட் இல்லாமல், பாறை மேல் போனை வைத்து எடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் தட்டுத்தடுமாறித் தேடித்தேடிக் கற்றதை நீங்கள் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம்.

1. முதலில் இந்த ஒரு கணக்கு

கேமராவில் லென்ஸின் துளையைச் சுருக்கி வெளிச்சத்தைக் குறைக்கலாம். பெரும்பாலான போன்களில் அது முடியாது. மெயின் லென்ஸின் துளை எஃப் 1.8 வாக்கில் அகலத் திறந்தபடியே நிற்கும். நம் கையில் இருப்பவை, போன் ஒளியை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ.வும், ஒளி விழும் நேரமான ஷட்டரும் மட்டுமே. ஐ.எஸ்.ஓ.வை ஆகக் குறைவாக 50-க்கு வைத்தாலும், உச்சி வெயில் படும் பாறைக்குச் சரியான ஷட்டர் ஏறத்தாழ 1/4000 வினாடி. மரநிழலில், மேகம் மூடிய நேரத்தில் அதுவே 1/160 வாக்கில் வரும். தண்ணீர் இழை இழையாக ஓட வேண்டுமானால் நமக்குத் தேவை கால் வினாடி முதல் ஒரு வினாடி வரை.

இந்த இடைவெளியை அடைக்க மூன்று வழி உண்டு: இருட்டும்வரை காத்திருக்கலாம், லென்ஸுக்கு முன்னால் கருப்புக் கண்ணாடி வைக்கலாம், அல்லது வேகமாக எடுத்த பல படங்களைப் பின்னால் ஒன்றாகக் கலக்கலாம். மூன்றையும் கீழே சொல்கிறேன். அருவிக்குப் போகும்போது இரண்டாவதுதான் கைகொடுக்கும்.

2. வாங்க வேண்டியவை, செலவு

வாங்க வேண்டியது ஒரே ஒரு பொருள்: போனில் கிளிப் போட்டு மாட்டும் என்.டி. ஃபில்டர். நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் சாம்பல் கண்ணாடி அது. ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. எண்ணைப் பார்த்து வாங்குங்கள். என்.டி. 64 என்றால் வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காக்கும், அதாவது ஷட்டர் நேரத்தை 64 மடங்கு நீட்டலாம். என்.டி. 8 அருவிக்குப் போதாது. என்.டி. 1000 முழு வெயிலுக்கானது, நிழலில் அளவுக்கு மீறிவிடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 64-ஐ வாங்குங்கள்.

வளையத்தைச் சுற்றச் சுற்றக் கருமை கூடும் ‘வேரியபிள்’ ஃபில்டரும் விற்கிறார்கள். எல்லாம் ஒன்றிலேயே அடங்கிவிடும் என்று ஆசை காட்டும். கடைசி அளவுக்குச் சுற்றும்போது படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு கறுத்த நிழல் விழும். அதைப் பின்னால் சரிசெய்ய முடியாது. தொடங்குகிறவர்களுக்கு நிலையான அளவுள்ள ஃபில்டரே நல்லது.

ஃபில்டர் வந்ததும் பார்சலைத் திரும்ப அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வீட்டு வெள்ளைச் சுவரை ஃபில்டர் இல்லாமல் ஒன்று, போட்டு ஒன்று என எடுங்கள். படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் இரண்டு படத்துக்கும் ஒரே எண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபில்டர் போட்ட படம் இலேசாக நிறம் மாறினால் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். செம்பழுப்பாகவோ ஊதாவாகவோ அடித்தால் திருப்பி அனுப்புங்கள். மலிவான கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பை உள்ளே விட்டுவிடும். அந்த நிறம் பச்சை இலைகளில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். பழைய ஜீன்ஸின் கால் பகுதியில் ஒரு சாண் வெட்டி ஒரு முனையைத் தைத்து, உலர்ந்த மணலை முக்கால் பங்கு நிரப்பி, மறுமுனையையும் தைத்துவிடுங்கள். முழுக்க நிரப்பினால் பந்து மாதிரி உருளும். முக்கால் பங்கு இருந்தால்தான் பாறையின் மேடுபள்ளத்துக்கு அமர்ந்து, போனுக்கு நடுவில் ஒரு குழி கொடுக்கும். அரிசி போடலாம் என்பார்கள், ஈரம் பட்டால் ஊறிவிடும். மணல்தான் சரி.

3. போனை வீட்டிலேயே சோதியுங்கள்

முதலில் உங்கள் போனில் Pro மோட் இருக்கிறதா, அதில் ஷட்டரை ஒரு வினாடிக்கு வைக்க முடிகிறதா என்று பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் முடியும். இல்லாவிட்டால் Open Camera என்ற இலவசச் செயலியைப் போட்டு, அதன் அமைப்பில் Camera2 API-யைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். போன் அனுமதித்தால் ஷட்டர் கட்டுப்பாடு கிடைக்கும்.

ஐபோனின் கேமரா செயலியில் ஷட்டரை நாமே வைக்கும் வசதி இல்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது. Live Photo-வை இயக்கிவிட்டு எடுங்கள். பிறகு Photos செயலியில் அந்தப் படத்தைத் திறந்து, மேலே Live என்றிருப்பதைத் தொட்டு Long Exposure-ஐத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் பொத்தானைத் தொட்டதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை வினாடி வீதம் பதிவானதைக் கலந்து தண்ணீரை வழுவழுப்பாக்கிவிடும். ஃபில்டர் தேவையில்லை. ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், நுணுக்கம் சற்றுக் குறையும், எத்தனை வினாடி என்பது நம் கையில் இருக்காது. போனில் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். பெரிய அச்சுக்கு ஏற்றதல்ல.

அடுத்த சோதனை ஆட்டத்துக்கானது. தினசரித் தாளைச் சுவரில் ஒட்டி, மணல் பையில் போனை வைத்து, அறை விளக்கை மங்கலாக்கி ஒரு வினாடி ஷட்டரில் எடுங்கள். எடுத்ததைப் பெரிதாக்கிச் சிறிய எழுத்துகளைப் பாருங்கள். எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் ஏதோ ஆடியிருக்கிறது. பெரும்பாலும் காரணம் திரையைத் தொட்ட விரல்தான். டைமரை 3 வினாடிக்கு வைத்தால் தீரும். அப்படியும் தீராவிட்டால் போனின் உள்ளே இருக்கும் ஆட்டத் தடுப்பு, அசையாத இடத்திலும் லென்ஸை மெல்ல நகர்த்திக்கொண்டிருக்கலாம். அந்தப் போனில் ஷட்டரை கால் வினாடிக்கு மேல் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பம்புசெட்டில் ஒரு அந்தி

அருவிக்குக் கிளம்பும் முன் ஒரு நாள் பம்புசெட்டில் பழகுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். சோழவந்தான், மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கம் யாராவது சொந்தக்காரர் தோட்டம் இல்லாமலா போய்விடும்? குழாயிலிருந்து தொட்டியில் கொட்டும் தண்ணீருக்கு அருவியின் வேகம் இருக்கிறது. கூட்டம் இல்லை, வழுக்கல் பயம் இல்லை, இருட்டும்வரை யாரும் விரட்டமாட்டார்கள். மோட்டார் எப்போது ஓடும் என்பதை மட்டும் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தைப் பொறுத்தது அது.

இங்கே ஃபில்டர் வேண்டாம். சூரியன் மறைந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆனதும் ஐ.எஸ்.ஓ. 50-இல் ஷட்டர் தானாகவே 1/5 வினாடிக்கு இறங்கும், கொஞ்சம் பொறுத்தால் அரை வினாடியையும் தொடும். நம் ஊரில் அந்தி நீளாது. வேலைக்காகும் வெளிச்சம் பத்து நிமிடம்தான் இருக்கும். அதனால் பொழுது சாயும் முன்பே போனை வைக்கும் இடத்தைத் தீர்மானித்துவிடுங்கள்.

போனைத் தொட்டிச் சுவர் மேல் வைக்காதீர்கள். கையை வைத்தால் தெரியாது, ஆனால் மோட்டாரின் அதிர்வு குழாய் வழியாகச் சிமெண்டுக்கு இறங்கியிருக்கும். சுவரில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் சின்னச் சின்ன வளையங்கள் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கம் படத்தில் மென்மங்கலாக வந்து உட்காரும். இரண்டடி தள்ளி வரப்பில் ஒரு கல்லைப் போட்டு அதன் மேல் மணல் பையை வையுங்கள்.

ஒரே இடத்திலிருந்து 1/30, 1/8, 1/2, 2 வினாடி என நான்கு படம் எடுங்கள். வெளிச்சம் ஒத்துவராமல் சில படங்கள் கருத்தாலும் வெளுத்தாலும் கவலை வேண்டாம், தண்ணீரின் வடிவத்தை மட்டும் பாருங்கள். 1/30-இல் தண்ணீர் கலைந்த மாதிரி இருக்கும். 1/8-இல் இழைகள் தெரியத் தொடங்கும். 1/2-இல் இழைகள் ஒன்றுசேர்ந்து ஓடும். 2 வினாடியில் இழையே இல்லாமல் வெண்மேகமாகிவிடும். வேகமாக விழும் தண்ணீருக்கு கால் வினாடியும் அரை வினாடியும்தான் எனக்குப் பிடிக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது படத்தில் மிச்சமிருக்கும். மெல்ல ஓடும் ஓடைக்கு ஒன்று, இரண்டு வினாடிகூடத் தாங்கும்.

5. கும்பக்கரைக்குக் கிளம்பும் முன்

கொடைக்கானல் மலையில் பெய்யும் மழைதான் பாம்பாறு வழியாகக் கும்பக்கரைக்கு வருகிறது. ஆகவே பெரியகுளத்தில் வெயில் அடிப்பதை வைத்துத் தண்ணீரைக் கணக்கிட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிறைய இருக்கும், ஆனால் வெள்ளம் என்று அடைத்துவிடவும் செய்வார்கள். முந்தைய நாள் செய்தியில் ‘கும்பக்கரையில் குளிக்கத் தடை’ என்றிருந்தால் கிளம்பாதீர்கள். தடையின்போது அருவிக்கு அருகிலேயே விடமாட்டார்கள், படம் எடுக்க மட்டும் என்று கேட்டாலும் பலன் இருக்காது. பெருமழை ஓய்ந்து தடை நீங்கிய முதல் சில நாட்கள்தான் சரியான நேரம்: தண்ணீர் தெளிந்திருக்கும், அளவும் குறைந்திருக்காது.

மதுரையிலிருந்து போகிறவர்கள் ஆரப்பாளையம் நிலையத்தில் பெரியகுளம் பஸ் பிடிக்கலாம். இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். பெரியகுளத்திலிருந்து அருவிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் குறைவு, ஆட்டோ பேசிக்கொள்ளலாம். திரும்புவதற்கும் அதே ஆட்டோவைப் பேசிவிடுங்கள். விடிகாலையில் கிளம்பி, நுழைவு திறந்ததும் உள்ளே போய்விடுவது போல நேரம் வையுங்கள். வெயில் ஏறுவதற்கு முந்திய அந்தக் காலைப்பொழுதுதான் வேலைக்கு உகந்தது. ஞாயிறையும் விடுமுறை நாட்களையும் தவிருங்கள்.

நுழைவுச் சீட்டு வனத்துறை கவுண்டரில் வாங்க வேண்டும். சில்லறையாகப் பணம் கொண்டுபோங்கள், மலையடியில் சிக்னலை நம்பி நிற்க வேண்டாம். போனில் எடுக்கத் தனி அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று அங்கேயே கேட்டு, கொடுத்தால் ரசீதைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக் பைகளும் வேண்டாம், மணல் பை துணியில் இருப்பது இதற்கும் நல்லது.

6. பாறையில் போனை வைப்பது

கும்பக்கரையில் தண்ணீர் நேர்க்குத்தாக மட்டும் விழுவதில்லை. அகன்ற பாறைகளில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. யானை கஜம், உரல் கஜம், பாம்பு கஜம் என்று பெயர் வைத்து ஊரார் எச்சரிக்கும் ஆழக் குழிகள் இடையிடையே உண்டு. பாறையில் ஈரமும் பாசியும் இருக்கும் இடத்தில் காலே வைக்காதீர்கள். காய்ந்த, வெளுத்த பாறையில், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே எடுங்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் அடித்துவந்தாலோ, சத்தம் கூடினாலோ, எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். மேலே பெய்த மழை வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மணல் பையைப் பாறையில் போட்டு உள்ளங்கையால் நடுவில் அழுத்திக் குழியாக்கி, போனைப் படுக்கைவாட்டில் அதில் நிறுத்துங்கள். வால்யூம் பொத்தான் பையில் அழுந்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அழுந்தினால் படமாக எடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். வழுக்கும் பின்உறையைக் கழற்றிவிடுங்கள். கயிறு கோக்கும் துளை இருந்தால் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

குளிக்கிறவர்கள் இருக்கும் பக்கம் போனைத் திருப்ப வேண்டாம். நீள ஷட்டரில் அவர்கள் புகைபோலக் கலைந்துதான் விழுவார்கள், படத்துக்கும் அழகில்லை. அதைவிட முக்கியம், பெண்கள் குளிக்கும் இடத்தில் ஒருவர் போனை நிறுத்தி வைத்துவிட்டு நிற்பதை யாரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. ஒதுங்கிய ஓடைப் பகுதியில், ஒரு பாறையைச் சுற்றித் தண்ணீர் பிரியும் இடத்தைத் தேடுங்கள். அசையாத பாறை ஒன்று படத்தில் இருந்தால்தான் ஓடும் தண்ணீர் ஓடுவதாகத் தெரியும்.

7. எடுக்கும் வரிசை

வரிசை முக்கியம். ஃபில்டரை மாட்டிய பின் போனுக்குக் கண் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் முன்பே பூட்டிவிட வேண்டும்.

மெயின் லென்ஸில், அதாவது 1x-இல் நில்லுங்கள். Pro மோடில் ISO-வை ஆகக் குறைவில் வையுங்கள். ஃபோகஸை MF-க்கு, அதாவது கையால் நகர்த்தும் முறைக்கு மாற்றி, முன்சொன்ன பாறையின் விளிம்பு கூர்மையாகத் தெரியும்வரை நகர்த்துங்கள். WB-ஐ, அதாவது வொயிட் பேலன்ஸை 5200 வாக்கில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒரு நிறத்தில் வரும். போன் மெருகேற்றாத மூலப்பதிவான RAW இருந்தால் இயக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஃபில்டர் இல்லாமல், படம் சரியாக வரும் ஷட்டரைக் கண்டுபிடியுங்கள். உதாரணமாக மரநிழலில் 1/160 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். என்.டி. 64 மாட்டினால் 64-ஐ 160-ஆல் வகுக்க வேண்டும்: 0.4 வினாடி. உங்கள் போனில் 0.4 இல்லாவிட்டால் 1/3 வையுங்கள், அரை வினாடிக்குப் போகாதீர்கள். வெண்ணுரை முதலில் வெளுத்துத் தொலையும். அப்படிப் போன இடத்தில் இழைகளை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. நிழல் சற்றுக் கருத்தால் பின்னால் தூக்கிக்கொள்ளலாம். ஆகவே கணக்கில் வருவதைவிட ஒரு படி குறைத்தே எடுப்பது என் வழக்கம்.

இதையே வெயில் படும் பாறையில் செய்து பாருங்கள். 1/4000-ஐ 64 மடங்காக்கினாலும் 1/60-தான் வரும், அதில் தண்ணீர் இழையாகாது. வெயில் பாறையில் மேகம் மூடும்வரை காத்திருங்கள், அல்லது நிழலுக்கு மாறுங்கள்.

கிளிப்பை மாட்டும்போது ஃபில்டர் மெயின் லென்ஸின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். திரையில் ஒரு மூலை மட்டும் கறுத்தால் நகர்ந்திருக்கிறது. கிளிப்பின் எடையில் போன் சாய்ந்திருக்கும், மறுபடி நிமிர்த்துங்கள். டைமர் 3 வினாடி. தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

8. எடுத்ததும் அங்கேயே பார்க்க வேண்டியது

படத்தைப் பெரிதாக்கி முதலில் பாறையைப் பாருங்கள். பாறையும் இலையும் சேர்ந்து மங்கியிருந்தால் போன் ஆடியிருக்கிறது, பையை மறுபடி அழுத்திவையுங்கள். பாறை கூர்மையாக இருந்து இலை மட்டும் கலைந்திருந்தால் காற்று. காற்று நிற்கும் இடைவெளிக்குக் காத்திருங்கள். வட்ட வட்டமாக ஒளிப்பொட்டுகள் தெரிந்தால் ஃபில்டரில் சாரல் விழுந்திருக்கிறது. இதுதான் அருவியில் அடிக்கடி நேர்வது. பழைய வேட்டித் துணி ஒன்றைக் காய்ந்தபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் முன் துடையுங்கள்.

9. ஃபில்டர் இல்லாதவர்களுக்கு

போனை அசைக்காமல் தொடர்ச்சியாக அறுபது, எழுபது படம் எடுங்கள். ஐ.எஸ்.ஓ., ஃபோகஸ், ஷட்டர் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். விரல் தொடாமல் எடுக்க, Open Camera-வில் Repeat வசதி இருக்கிறது. வீட்டுக் கணினியில் ImageMagick நிறுவி, அந்தப் படங்கள் மட்டும் இருக்கும் கோப்புறையில் இந்த ஒரு வரியை ஓட்டுங்கள்:

```
magick *.jpg -evaluate-sequence mean aruvi.png
```

எல்லாப் படங்களின் சராசரியும் ஒரே படமாக வரும். பாறை அப்படியே நிற்கும், தண்ணீர் கலந்து வழுவழுப்பாகும், நிழலில் இருக்கும் பொரிப்பொரியும் குறையும். பத்துப் படம் மட்டும் கலந்தால் தண்ணீர் புள்ளிபுள்ளியாகத் திட்டுத்திட்டாகத் தெரியும், அதனால்தான் அறுபது. பழைய கணினி திணறினால் படங்களை முதலில் பாதி அளவாக்கிக்கொள்ளுங்கள். இடையில் போன் இம்மி நகர்ந்திருந்தால் பாறை இரட்டையாகிவிடும். அப்படியானால் நகர்ந்ததற்கு முந்திய படங்களை மட்டும் தனியாக எடுத்துக் கலக்குங்கள்.

10. படத்தைத் திருத்துவதும் அனுப்புவதும்

திருத்தத்தில் இரண்டைத் தொட்டால் போதும். ஃபில்டரின் நிறம் ஏறியிருந்தால், நனையாத சாம்பல் பாறையைப் பார்த்து வொயிட் பேலன்ஸை நகர்த்துங்கள். தண்ணீரை வைத்துத் திருத்தினால் வானத்து நீலம் அதில் கலந்திருப்பதால் தவறாகிவிடும். அடுத்து ஹைலைட்டைக் குறைத்து நுரையில் இழைகளைக் கொண்டுவாருங்கள். ஷார்ப்னெஸ்ஸைத் தண்ணீரின் மேல் ஏற்றாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் மென்மையான தண்ணீர்ப் பகுதிதான் முதலில் கட்டம் கட்டமாக உடையும். Document ஆக அனுப்புங்கள், எடுத்தபடியே போய்ச் சேரும்.